ராத்திரி எழுதிய கோடு யாருக்குச் சொந்தம்?

"ஆபீஸ் நேரத்துல எழுதல, ஆபீஸ் லேப்டாப்புல எழுதல. அப்புறம் எப்படிங்க அது கம்பெனிக்குச் சொந்தமாகும்?" வேலைக்கு வெளியே சொந்தமாக எழுதிய கோடு, அதாவது கணினி நிரல், யாருக்குச் சொந்தம் என்று ஐடி வேலையில் இருக்கும் யாரிடம் பேச்சை எடுத்தாலும் பதிலாக இந்தக் கேள்விதான் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் நம் நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதில்லை. வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. அது எந்த இடம் என்பது எனக்குப் புரிந்தது ஓர் அறுப்பு மெஷின் கணக்கால்.

நான் மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கட்டுமான இயந்திரங்களை, அதாவது பொக்லைன், ரோலர், கிரேன் போன்றவற்றை வாடகைக்கு விடுகிறவர்களுக்கான மென்பொருள் செய்யும் கம்பெனி. வண்டியில் ஜிபிஎஸ் கருவி மாட்டியிருப்பார்கள். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் சும்மா இன்ஜின் உறுமிக்கொண்டு நின்றது என்று பிரித்து பில் போடுவது அதன் வேலை. அதில் அறிக்கைகள் வரும் பகுதி என் பொறுப்பு.

என் மனைவியின் அண்ணன் நீடாமங்கலம் பக்கம் கதிர் அறுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். ஒரு செயின் வண்டி, ஒரு டயர் வண்டி. குறுவை அறுப்பிலும், பொங்கலுக்குப் பிறகு சம்பா, தாளடி அறுப்பிலும் தூக்கம் கிடையாது. சொந்த வண்டி போதாமல் ஆத்தூர், சேலம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளையும் ஊரில் இறக்கிவிடுவார். கணக்கு முழுக்க ஒரு நீள நோட்டில். யார் வயல், எத்தனை மா, வண்டி இறங்கும்போது ஹவர் மீட்டர் எவ்வளவு, ஏறும்போது எவ்வளவு, செயினா டயரா, டீசல் யார் போட்டது, புரோக்கருக்கு மணிக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு. மழை பெய்து சேறாகிவிட்டால் டயர் வண்டி இறங்காது. பாதி வயல் டயரிலும் மீதி செயினிலும் அறுத்திருப்பார்கள், ரெண்டுக்கும் வேறு வேறு வாடகை. சாயங்காலம் களத்து மேட்டில் இதை வைத்துத் தகராறு நடக்காத நாள் குறைவு.

"மாப்ள, இதுக்கு ஏதாவது போன்ல வர்ற மாதிரி செஞ்சு குடேன்" என்றார். செய்தேன். என் சொந்த லேப்டாப்பில், இரவில், ஞாயிற்றுக்கிழமைகளில். மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் போட்டோ எடுக்க வேண்டும், வயலை மாவிலோ ஏக்கரிலோ போடலாம் (எங்கள் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி), பில் வாட்ஸ்அப்பில் விவசாயிக்குப் போய்விடும். அவ்வளவுதான். அவர் பயன்படுத்துவதைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று மச்சான் சொன்னபோதுதான், ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று கும்பகோணத்தில் தெரிந்த வக்கீல் அம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவர் சென்னையில் இருந்த காலத்தில் பதிப்புரிமை வழக்குகள் பார்த்தவர். இப்போது பெரும்பாலும் நிலத்தகராறு.

நான் லேப்டாப் பில், இணைய இணைப்பு எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டார். "லேப்டாப் யாருதுன்னு நான் கேக்கலையே தம்பி. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எங்க?"

பதிப்புரிமைச் சட்டம், 1957. அதில் கணினி நிரல் என்பது இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது. கதை, கட்டுரை எழுதியவருக்கு என்ன நிலையோ அதுதான் கோடு எழுதியவருக்கும். 17-வது பிரிவின்படி எழுதியவரே முதல் உரிமையாளர். அதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நமக்கு வேண்டியது 17(சி): ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது, அந்த வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான் முதல் உரிமையாளர். இதில் எத்தனை மணிக்கு எழுதினாய் என்றும் இல்லை, யாருடைய கருவியில் எழுதினாய் என்றும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: இதைச் செய்வதற்காகவா உனக்குச் சம்பளம்?

இது இரண்டு பக்கமும் வெட்டும். ஆபீஸ் அறிக்கையில் வந்த ஒரு பிழையை ராத்திரி ரெண்டு மணிக்கு என் சொந்த லேப்டாப்பில் உட்கார்ந்து நான் சரிசெய்தால், அந்தக் கோடு சந்தேகமில்லாமல் கம்பெனியுடையது. மறுபக்கம், ஆபீஸ் லேப்டாப்பில் மத்தியானம் மூன்று மணிக்கு நான் ஒரு சிறுகதை எழுதினால், மேனேஜர் திட்டலாம், நடவடிக்கையும் எடுக்கலாம். ஆனால் 17(சி)-யைக் காட்டி அந்தக் கதையைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. கதை எழுத அவர்கள் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆக, நேரமும் கருவியும் சாட்சிகள்தான். தீர்ப்பு வேறொன்றை வைத்து வருகிறது.

வக்கீல் அம்மா இதற்கு ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைச் சொன்னார். 1950-களின் தொடக்கத்தில் வந்தது. ஸ்டீபன்சன் ஜோர்டன் என்ற நிர்வாக ஆலோசனைக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், தன் தொழில் அறிவை வைத்துக் கல்லூரிகளில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். கம்பெனியே அவருக்குச் செலவுப் பணம் கொடுத்தது, கம்பெனி ஆளே தட்டச்சு செய்தும் கொடுத்தார். பின்னால் அவர் அதைப் புத்தகமாக்கக் கொடுத்தபோது கம்பெனி வழக்குப் போட்டது. நீதிமன்றம் புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தது. சொற்பொழிவுகளில் இருந்து வந்த பகுதி அவருக்கே சொந்தம், ஏனென்றால் சொற்பொழிவு ஆற்றும் கடமை அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் ஒரு வாடிக்கையாளருக்காகக் கம்பெனி அனுப்பி, அங்கே போய் எழுதிய ஒரு பகுதி மட்டும் கம்பெனிக்கு.

இந்தத் தீர்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. காரணம், என் வீட்டு பிராட்பேண்ட் பில்லை மாதாமாதம் கம்பெனிதான் திருப்பிக் கொடுக்கிறது. அதை நினைத்துத்தான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். செலவு கொடுத்ததாலேயே படைப்பு கைமாறிவிடாது என்று தெரிந்ததும் நிம்மதி. அதோடு இன்னொன்றும் புரிந்தது. ஒரே படைப்புக்குள் சில பகுதி உனக்கு, சில பகுதி கம்பெனிக்கு என்றும் பிரியலாம். ஓர் ஆப்பில் ஒரே ஒரு கோப்பு ஆபீஸிலிருந்து வந்திருந்தால், அந்தக் கோப்பு போதும் முழு ஆப்பையும் தகராறில் இழுத்துவிட.

இதுவரை சட்டம். இனிதான் சிக்கல். 17(சி)-யிலேயே "வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்று இருக்கிறது அல்லவா, அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் கம்பெனி பக்கம் சாய்ந்தபடிதான் எழுதப்பட்டிருக்கும். என் ஆர்டரில் இருந்த ஷரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பணியாளர் பணியில் இருக்கும் காலத்தில், வேலை நேரத்திலோ அதற்கு வெளியிலோ, தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ உருவாக்கும் மென்பொருளும் கண்டுபிடிப்பும், நிறுவனத்தின் அல்லது அதன் துணை நிறுவனங்களின் தற்போதைய அல்லது திட்டமிட்டுள்ள தொழிலோடு தொடர்புடையதாக இருந்தால், நிறுவனத்துக்கே உரியது, அந்த உரிமையைப் பணியாளர் இதன்மூலம் நிரந்தரமாகவும் உலகம் முழுமைக்குமாகவும் எழுதிக்கொடுக்கிறார்.

வேறு ஒரு பக்கத்தில், தனியாக, இன்னொரு ஷரத்து: எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது.

இந்த இரண்டையும் நிறைய பேர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2022-ல் விப்ரோ, போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை வேலையை விட்டு அனுப்பியபோது எழுந்த பேச்சு முழுக்க இரண்டாவது ஷரத்தைப் பற்றியது. அதை மீறினால் வேலை போகலாம். வேலையில் இருக்கும்வரை இப்படித் தடை போட முதலாளிக்கு உரிமை உண்டு என்று நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. வேலையை விட்ட பிறகும் அதே தொழில் செய்யாதே என்று தடுப்பதுதான் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவில் அடிபடும். ஆனால் இந்த ஷரத்தை மீறியதற்காக நான் எழுதிய கோடு கம்பெனிக்குப் போய்விடாது. வேலை போவது ஒரு விஷயம், சொத்து போவது இன்னொரு விஷயம். சொத்தைப் பற்றிப் பேசுவது முதல் ஷரத்து மட்டும்.

சரி, அந்த முதல் ஷரத்து எவ்வளவு தூரம் நிற்கும்? 17(சி)-க்குள் வராத ஒன்றைக் கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டுமானால், நான் அதை எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். இன்னும் உருவாகாத படைப்பையும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கலாம் என்கிறது 18-வது பிரிவு. படைப்பு உருவானதும் அது அமலுக்கு வரும். எப்படி எழுத வேண்டும் என்பதை 19-வது பிரிவு சொல்கிறது: எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நிலப்பகுதிக்கு, என்ன தொகை என்று குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம், பகுதி சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். கம்பெனி வக்கீல்களுக்கு இது தெரியும். அதனால்தான் "நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும்" என்று எழுதிவைக்கிறார்கள்.

"எந்தப் படைப்புன்னு அடையாளம் காட்டணும்னு சட்டம் சொல்லுது. 'நீ செய்யப்போற எல்லாம்'னு எழுதினா அது அடையாளமா? இது நம்ம வாதம். அவங்க வக்கீலும் சும்மா இருக்க மாட்டார். 'தொழிலோட தொடர்புடையது'ன்னு வகை சொல்லித்தானே எழுதியிருக்கோம்பார். மூணு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து இதைத் தெரிஞ்சுக்கணுமா, இல்ல ஒரு பக்கக் கடிதத்துல முடிச்சுக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்றார் வக்கீல் அம்மா. மச்சான் உடனே, "கடிதமே போதும்மா" என்றார்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சொந்த நேரம், சொந்தக் கருவி என்றால் நமக்கே" என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அமெரிக்காவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2870-வது பிரிவு கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது: முழுக்கத் தன் நேரத்தில், முதலாளியின் கருவி, பொருள், இடம், தொழில் ரகசியம் எதையும் பயன்படுத்தாமல் செய்த கண்டுபிடிப்பை எழுதிக்கொடுக்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டால், அந்தப் பகுதி செல்லாது. அங்கேயே இரண்டு விலக்குகள் உண்டு. முதலாளியின் தொழிலோடு தொடர்புடையதாக இருந்தாலோ, முதலாளிக்காகச் செய்த வேலையிலிருந்து விளைந்ததாக இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு கிடையாது. நம் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவே இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் இருப்பவர் எழுதியதை மன்னார்குடியில் படித்துவிட்டுத் தைரியமாக இருந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆக, என் விஷயத்தில் எல்லாம் வந்து நின்றது ஒரே இடத்தில்: அறுப்பு மெஷின் கணக்கு, கம்பெனியின் தொழிலோடு தொடர்புடையதா? நேர்மையாகச் சொன்னால், தொடர்பே இல்லை என்று சாதிக்க முடியாது. அங்கேயும் இயந்திர வாடகை, இங்கேயும் இயந்திர வாடகை. அங்கேயும் மணிக்கணக்கு, இங்கேயும் மணிக்கணக்கு. நான் கம்பெனி பக்கம் உட்கார்ந்திருந்தால் இதைத்தான் முதலில் எடுத்துப் போடுவேன்.

என் பக்கத்தில் இருந்தது வேறு மாதிரியான வலு. மணிக்கணக்கில் வாடகை போடுவது என்ற யோசனையை யாரும் பதிப்புரிமையில் அடைக்க முடியாது. பதிப்புரிமை எழுதிய கோட்டுக்குத்தான், யோசனைக்கு இல்லை. ஆபீஸில் உள்ள ரகசியம் எது என்றால், ஜிபிஎஸ் தரவிலிருந்து சும்மா நின்ற நேரத்தைக் கழிக்கும் கணக்குமுறை. அதை நான் தொடவில்லை. என் ஆப்பில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. ரெண்டு மீட்டர் போட்டோ, ஒரு கழித்தல். வயலில் வண்டி புதைந்து நின்றால் அந்த நேரத்தைக் கழிப்பதா வேண்டாமா என்பதை மச்சானும் விவசாயியும் பேசி முடிவு செய்து கையால் போடுவார்கள். இன்னும் சொல்லப்போனால் களத்துப் பழக்கம் அதுதான், அதை மென்பொருள் முடிவு செய்தால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றபடி மா, குழிக் கணக்கு, செயின்-டயர் பிரிப்பு, புரோக்கர் பங்கு, இதெல்லாம் கம்பெனியின் எந்த வாடிக்கையாளருக்கும் தேவைப்படாதவை.

இவற்றை வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். இங்கேதான் நேரமும் கருவியும் திரும்ப உள்ளே வருகின்றன, சாட்சிகளாக. நான் முதலில் பார்த்தது, கோட்டில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் `git` வரலாற்றை. ஒவ்வொரு பதிவிலும் எந்த மின்னஞ்சல் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இதில் தெரியும்:

```
git log --format='%h %ad %ae' --date=iso
git config --show-origin user.email
```

முதல் வரி, எந்தப் பதிவு எப்போது எந்த முகவரியில் போனது என்று காட்டும். இரண்டாவது வரி, இப்போது எந்த முகவரி அமலில் இருக்கிறது, அது எந்தக் கோப்பிலிருந்து வருகிறது என்று காட்டும். என்னுடையதில் தனி முகவரிதான் இருந்தது. ஆபீஸ் வேலைக்காக ஒரு முறை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான `git` அமைப்பில் ஆபீஸ் முகவரியைப் போட்டுவிட்டு, அதே லேப்டாப்பில் சொந்த வேலையும் செய்கிறவர்கள் ஏராளம். அவர்கள் சொந்த ஆப்பின் ஒவ்வொரு பதிவிலும் கம்பெனி பெயர் முத்திரை போல இருக்கும். அதற்காகப் பழைய பதிவுகளைத் திருத்தப் போகாதீர்கள். திருத்தியது வெளியில் தெரிந்தால் மற்ற எல்லாச் சாட்சியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இன்றிலிருந்து சரியான முகவரியைப் போட்டுக்கொண்டு, பழையது ஏன் அப்படி என்பதை எழுதிவைத்தால் போதும்.

பதிவில் உள்ள தேதியும் தனியாக நின்றால் பெரிய சாட்சி இல்லை. `git commit --date` போட்டு யாரும் எந்தத் தேதியையும் எழுதலாம். அதனால் அவ்வப்போது வெளிச் சர்வருக்கு ஏற்றிவிடுவது நல்லது. அந்தச் சர்வரில் பதிவாகும் நேரம் நம் கையில் இல்லாதது, அதனால் அதற்கு மதிப்பு அதிகம். நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுகளோடு ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும்.

அப்புறம், "சொந்தக் கருவி" என்பதே அவ்வளவு சுத்தமான விஷயம் இல்லை. லேப்டாப் என்னுடையதுதான். ஆனால் அதில் ஆபீஸ் மேலாண்மை மென்பொருள் ஏற்றியிருக்கிறதா? கோடு எழுதும் எடிட்டரின் லைசென்ஸ் கம்பெனி வாங்கிக் கொடுத்ததா? ஆப்பைச் சோதித்துப் பார்த்தது ஆபீஸ் போனிலா? ஒரு சந்தேகத்தை ஆபீஸ் சாட்டில் சக ஊழியரிடம் கேட்டோமா? வக்கீல் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். எடிட்டர் இலவசப் பதிப்பு, போன் மச்சானுடையது. ஆபீஸ் சாட்டில் ஒன்றும் இல்லை. தெரிந்த ஒருவருடைய தகராறில் கம்பெனி எடுத்து நீட்டியது கோட்டை அல்லவாம். "அந்த அட்டவணையை நம்ம ப்ராஜெக்ட்ல எப்படி வடிவமைச்சோம்?" என்று அவர் சக ஊழியரிடம் கேட்ட ஒற்றை வரி அரட்டையைத்தான். அந்த ஒரு வரியால், வெளியில் செய்த வேலை ஆபீஸ் அறிவிலிருந்து விளைந்ததாகத் தோன்றிவிட்டது.

இதையெல்லாம் தொகுத்து மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினோம். முதல் பதில் எதிர்பார்த்த மாதிரியே வந்தது: பணிக்காலத்தில் உருவான மென்பொருள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம், கோட்டை ஒப்படைக்கவும். எனக்குக் கோபம் வந்தது. வக்கீல் அம்மா சிரித்தார். "ஷரத்துல 'தொழிலோட தொடர்புடைய'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, பதில்ல அதைக் காணோம். அதை மட்டும் பணிவா ஞாபகப்படுத்துங்க" என்றார். கோட்டைக் கொடுக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பார்க்க வேண்டுமென்றால் வீடியோ அழைப்பில் திரையில் காட்டலாம், பிரதி கொடுக்கக் கூடாது. காட்டினேன். கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் மீட்டர் போட்டோவைப் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்றார். அவமானமாக இருந்தாலும் எனக்கு வேண்டியது அந்த இரண்டு சொற்கள்தான்.

கடைசியில் வந்த கடிதம் ஒரு பக்கம். ஆப்பின் பெயர், அது என்ன செய்கிறது, யாருக்கானது என்ற விவரம் மேலே. நெல் அறுவடை இயந்திரங்களின் வாடகைக் கணக்குக்கான இந்த மென்பொருளிலும், இதே நோக்கத்துக்காகப் பிற்பாடு வரும் அதன் பதிப்புகளிலும் நிறுவனத்துக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை என்று நடுவில். பதிலுக்கு நான் ஒப்புக்கொண்டது: பணியில் இருக்கும்வரை இதைக் கட்டுமான இயந்திரங்களுக்கு விரிவாக்க மாட்டேன், ஜிபிஎஸ் சேர்க்க மாட்டேன், ஆபீஸ் நேரத்தில் இதைத் தொட மாட்டேன், வியாபாரத்தை நான் நடத்த மாட்டேன். "பிற்பாடு வரும் பதிப்புகளிலும்" என்ற சொற்களை அவர்கள் முதலில் விட்டிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கினோம். அது இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒரு பொத்தான் சேர்த்தாலும் பழைய ஷரத்து திரும்ப உயிர்பெறும். கையெழுத்துப் போட்டது ஹெச்.ஆர். இல்லை, கம்பெனி சார்பாகக் கையெழுத்திட அதிகாரம் பெற்ற இயக்குநர். மேனேஜர் "பரவாயில்ல, செஞ்சுக்கோ" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி வருடக்கணக்கில் உழைத்துவிட்டு, அவர் வேலை மாறிப் போனதும் திண்டாடியவர்கள் இருக்கிறார்கள்.

வியாபாரம் மச்சான் பெயரில் நடக்கிறது. அதனால் எங்கள் இருவருக்கும் இடையிலும் ஒரு காகிதம் போட்டோம். யோசனை அவருடையது, நோட்டு அவருடையது, களத்து அறிவு முழுக்க அவருடையது. ஆனால் கோடு எழுதியவன் நான், நான் அவருக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. காகிதம் இல்லாவிட்டால் சட்டப்படி கோடு முழுக்க எனக்கே சொந்தம். அது நியாயமாகப் படவில்லை. நாளைக்கு ஏதாவது மனஸ்தாபம் வந்தால் சொந்தபந்தமும் கெட்டுப்போகும். பயன்படுத்தவும் விற்கவும் அவருக்கு உரிமம், வருமானத்தில் பங்கு என்று எழுதிக்கொண்டோம்.

திரைகளை வடிவமைத்துக் கொடுத்தது தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் ஒரு பையன். பணம் கொடுத்தாகிவிட்டதே, அது நமக்குத்தானே என்று மச்சான் நினைத்திருந்தார். அவன் வெளியாளாகச் செய்து கொடுத்தவன், ஊழியன் இல்லை. 17(சி) அவனுக்குப் பொருந்தாது. அவனிடமும் 19-வது பிரிவு கேட்கிறபடி படைப்பு, காலம், பகுதி, தொகை எல்லாம் குறிப்பிட்டு எழுதி வாங்கினோம். பையன் படித்துப் பார்த்துவிட்டு, தன் பெயர் ஆப்பில் வர வேண்டும் என்று கேட்டான். வைத்தோம். எழுதிக்கொடுத்த பிறகும் தான்தான் படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-வது பிரிவு படைத்தவரிடமே விட்டுவைக்கிறது, அதனால் நாங்கள் மறுத்திருந்தாலும் அவன் கேட்டது சரிதான்.

கோடு இல்லாமல் கருவி கண்டுபிடிக்கிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. விவசாயக் கருவிக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பன், செயின் வண்டி சேற்றில் புதையாமல் இருக்க ஓர் இணைப்பைத் தன் வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அது பேட்டன்ட் விஷயம். 1970-ம் வருடப் பேட்டன்ட் சட்டத்தில் 17(சி) போல, ஊழியரின் கண்டுபிடிப்பு தானாக முதலாளிக்குப் போகும் என்று சொல்லும் பிரிவு இல்லை. கண்டுபிடித்தவரோ, அவரிடம் எழுதி வாங்கியவரோதான் விண்ணப்பிக்க முடியும். எனவே அவன் விஷயத்தில் ஒப்பந்தத்தின் எடை இன்னும் கூடுகிறது. ஆனால் அவன் பார்க்கும் வேலையே கருவி வடிவமைப்பு. கம்பெனியும் சேற்று வயல் இயந்திரங்கள் செய்கிறது. அவன் ஒப்பந்தத்தை நான் படித்துப் பார்த்தேன். கொல்லை அவனுடையது, வெல்டிங் மெஷின் அவனுடையது, ஞாயிற்றுக்கிழமை அவனுடையது. இருந்தாலும் நான் நம்பிக்கை கொடுக்கவில்லை, போய் முதலாளியிடம் பேசு என்றுதான் சொன்னேன். அதுவரை ஊர்த் திருவிழாவில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டாதே என்றும் சொன்னேன். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டிவிட்டால் புதுமை போய்விட்டது என்று பேட்டன்ட்டே கிடைக்காமல் போகலாம், அப்புறம் யாருக்குச் சொந்தம் என்று சண்டை போடவும் ஒன்றும் மிஞ்சாது.

வேலை மாறும்போது ஆர்டரின் கடைசியில் ஓர் இணைப்பு வரும். ஏற்கனவே நீங்கள் செய்து வைத்திருப்பவற்றைக் குறிப்பிடுக என்று நாலு வரி இடம் விட்டிருப்பார்கள். முதல் நாள் காகிதக் கட்டோடு வருவதால் எல்லோரும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். காலியாக விட்டால், அதற்கு முன் உங்களிடம் ஒன்றும் இல்லை என்று நீங்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். அதில் ஆப்பின் பெயர், ஒரு வரி விவரம், தொடங்கிய மாதமும் வருடமும், இப்போதைய பதிப்பு எண், "இதன் பிற்காலப் பதிப்புகளும்" என்ற சொற்கள், இவ்வளவும் எழுதி, கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையோ அது வேலை செய்யும் விதத்தையோ அங்கே விவரிக்க வேண்டாம்.